இனிஷியல்: முன்னெழுத்தா, தலைப்பெழுத்தா?

‘இனிஷியல்’ லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ‘இனிஷியம்’ என்றால் தொடக்கம். ஆங்கிலத்தில் அது ஒரு பெயரின் முதல் எழுத்தைக் குறிக்கும். ஆங்கிலேயர் வழக்கத்தில் பெரும்பாலும் சொந்தப் பெயர்தான் எழுத்தாகச் சுருங்கும். குடும்பப் பெயர் முழுதாக நிற்கும். நம்மிடம் இது தலைகீழ். சொந்தப் பெயர் முழுதாக நிற்க, அப்பா பெயர் ஒற்றை எழுத்தாகிறது. சிலர் அம்மா பெயரையோ ஊரையோ வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட், பான் படிவங்களின் கட்டங்கள் ஆங்கிலேயர் வழக்கத்துக்காக அமைந்தவை. நம் பெயர் அங்கே இடறுவது இதனால்தான்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. பெயரைத் தமிழில் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அதில் வந்த சொல் ‘முன்னெழுத்து’. மற்றது ‘தலைப்பெழுத்து’. எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். ஆங்கில ஆவணங்களில் இந்த எழுத்து பல நேரம் பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்போது ‘முன்’ பொருந்தாது. அப்பா பெயரின் தலையில் இருக்கும் எழுத்து என்று கொண்டால், எங்கே நின்றாலும் தலைப்பெழுத்துதான்.

சரி, ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: கோ. தமிழ்ச்செல்வி. அப்பா கோவிந்தசாமி. தமிழில் ‘கோ’ என்பது உயிரொலியையும் சேர்த்துச் சொல்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒலி பாதி உதிர்ந்துவிடும். ‘க’ வரிசை என்றதும் பலர் கை தானாக K என்று எழுதிவிடுகிறது. ஆனால் கோவிந்தசாமி, கணேசன் எல்லாம் G. கந்தசாமி, குமார் K. அதேபோல் சிதம்பரம் C, சிவகுமார் S. தமிழ் எழுத்தைப் பார்த்து ஆங்கில எழுத்தை முடிவு செய்யக் கூடாது. அப்பாவின் முழுப் பெயர் அவருடைய ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ, அதன் முதல் எழுத்தைத்தான் எடுக்க வேண்டும்.

சொந்தப் பெயரிலும் இதே சிக்கல். Tamilselvi, Tamizhselvi, Thamizhchelvi மூன்றுமே நம் காதுக்கு ஒன்றுதான், கணினிக்கு மூன்று பேர். ‘ழ’கரத்துக்கு zh சரியான வழக்கம்தான், எனக்கும் அதில் பற்று உண்டு. ஆனாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் TAMILSELVI G என்று அச்சாகிவிட்டால், TAMILSELVI என்ற எழுத்துக்கூட்டலையே மற்ற எல்லாவற்றிலும் பின்பற்றுவது நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். எழுத்தழகுக்காக அதில் ஒன்றைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது விரிப்பது. பாஸ்போர்ட்டுக்கும் பானுக்கும் தலைப்பெழுத்து போதாது, முழுப் பெயராக விரிக்கச் சொல்வார்கள். அங்கே G என்பது Govindasamy ஆகும். அப்பா ஆதாரில் Govindaswamy என்று இருந்தால் மகளுக்கும் அதுவே வர வேண்டும். இல்லையென்றால் முன்பக்கம் சர்நேமில் ஒரு மாதிரி, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இன்னொரு மாதிரி என்று ஒரே பாஸ்போர்ட்டுக்குள்ளேயே முரண்பாடு வந்து நிற்கும்.

அப்புறம் வரிசை. கிவன் நேம் கட்டத்தில் Tamilselvi, சர்நேம் கட்டத்தில் Govindasamy. பானில் லாஸ்ட் நேம் கட்டம் முதலில் வரும். அவசரத்தில் சொந்தப் பெயரை அங்கே போட்டுவிடுபவர்கள் நிறைய. ஆதாரில் ஒரே கட்டம்தான் என்பதால் Tamilselvi Govindasamy என்று அதே வரிசையில் எழுதினால் போதும், புள்ளி வேண்டாம். எது எங்கே பதிவாகியிருக்கிறது என்று பார்க்க, பாஸ்போர்ட்டில் புகைப்படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் முதல் வரியைப் படியுங்கள்:

```
P<INDGOVINDASAMY<<TAMILSELVI<<<<<<<<<<<<<<<<
```

IND-க்கு அடுத்து, இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பது சர்நேம். பின்னால் இருப்பது சொந்தப் பெயர். விமான டிக்கெட்டிலும் விசாவிலும் இந்தப் பிரிவுதான் ஒத்துப்போக வேண்டும்.

அப்பா பெயர் சர்நேமாக உட்காருவது பலருக்கு உறுத்தும். வெளிநாட்டில் ‘மிஸ் கோவிந்தசாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் சர்நேமைக் காலியாக விடுபவர்களும் உண்டு. பாஸ்போர்ட் அதை அனுமதிக்கிறது. ஆனால் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது சர்நேமுக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இடத்தில் FNU என்று வரும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பின்பு, உள்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது.