டைமர் ஓடியது, பாஸ்போர்ட் படம் அழியவில்லை

கீழக்கரைப் பக்கத்தில் வளைகுடா வேலைக்குக் கிளம்பும் பையன்களின் வழக்குகள் என்னிடம் அடிக்கடி வரும். இப்போதெல்லாம் அவற்றில் பாதி வாட்ஸப் வழக்குகள்தான். அண்மையில் வந்த ஒருவர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் ஆதாரின் இரு பக்கங்களையும் ஏஜெண்டுக்கு அனுப்பியிருந்தார். "24 மணி நேரத்துல அழிஞ்சிரும்னு டைமர் போட்டுத்தானே சார் அனுப்பினேன்?" என்றார். சில வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணைச் சொல்லிப் பணம் கேட்டிருக்கிறார்.

வாட்ஸப்பில் மறையும் மெசேஜுக்கு வைக்கும் அந்த டைமர் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் இருவரின் உரையாடலில் படம் சொன்ன நேரத்தில் மறைந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏஜெண்ட் அதைச் சென்னையில் இருக்கும் இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டார். அந்த உரையாடலில் டைமர் இல்லை. அங்கே போன படத்துக்கு நம் டைமர் பொருந்தாது. ஃபார்வர்டு செய்யாமல், படத்தைத் தன் கேலரியில் சேமித்துக்கொண்டாலும் கதை அதேதான். மறையும் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டையும் தடுக்காது. நாம் அனுப்பியதை மேற்கோளாக வைத்து அவர் பதில் போட்டிருந்தால், மேலே ஒட்டியிருக்கும் அந்தப் பழைய வரிகூடச் சில சமயம் தங்கிவிடும்.

ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பலாமே என்பார்கள். அது ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும், சரி. பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படமெடுத்தால் என்ன செய்வது?

அதனால் நான் சொல்வது, அனுப்பும் படத்தையே மாற்றுங்கள் என்றுதான். ஆதாருக்கு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் எண்ணை மறைத்தால் விசா வேலை நடக்காது. அதன் ஜெராக்ஸ் மேல் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிவிட்டு, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று emigrate.gov.in தளத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

இதைவிட எனக்குக் கவலை தருவது மறுபக்கம். இந்த டைமரை ஏஜெண்டும் போடலாம். இருவர் பேசும் உரையாடலில் யார் வேண்டுமானாலும் அதை இயக்கலாம், நிறுத்தலாம். மாற்றினால் உள்ளே ஒரு சின்ன அறிவிப்பு வரும். அதை யாரும் படிப்பதில்லை. "முன்பணம் வந்துச்சு தம்பி, அடுத்த மாசம் விசா" என்ற வரி மறுநாள் உங்கள் போனிலும் இருக்காது. அதைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு, ஆனால் எழுதியவர் மறுத்துவிட்டால் அதுவும் நிற்காது. பணப் பேச்சு வந்த உடனே, அவருடைய எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள். அந்தப் பதிவுக்கு டைமர் கிடையாது. ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள்.