முதல் தோட்டத்தில் தங்கிப்போன சேமலாப நிதி

ஹட்டன் பகுதியில் தொழிற்சட்ட ஆலோசனை வழங்கிவரும் என்னிடம் அறுபதைக் கடந்து வருகிறவர்கள் பெரும்பாலும், "ஈ.பி.எஃப். எல்லாம் எடுத்தாச்சுங்க ஐயா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். எத்தனை தோட்டங்களில் பேர் போட்டிருந்தீர்கள் என்று கேட்டபின்தான், கடைசித் தோட்டத்துப் பணத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, அதற்கு முந்திய தோட்டத்துக் கணக்கை அவர்கள் மறந்திருப்பது தெரியவரும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநர் பங்காக 12 வீதமும் ஈ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்கின்றன. தொழில்தருநருக்கு ஓர் இலக்கமும், அதன்கீழ் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் உறுப்பினர் இலக்கமும் உண்டு. தோட்டம் மாறிய தொழிலாளிக்குப் புதிய இடத்தில் புதிய இலக்கம் கிடைக்கும். இரண்டையும் ஒன்றிணைக்குமாறு எவரும் விண்ணப்பிக்காவிட்டால், பழைய கணக்கு தனியாகவே நின்றுவிடும். ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பணத்தைக் கோரலாம் என்பதால், அறுபதுக்குமேல் வயது ஒரு தடையே அல்ல. தடை வேறிடத்தில் இருக்கிறது.

அண்மையில் 63 வயதான ஓர் அம்மா வந்திருந்தார். தாம் பிறந்த தோட்டத்தில் 1984இல் கொழுந்து பறிக்கத் தொடங்கி, 1997இல் திருமணமாகிக் கணவரின் தோட்டத்துக்குப் போனவர். இரண்டாம் தோட்டத்துப் பணம் முழுவதும் கைக்கு வந்துவிட்டது. முதல் தோட்டத்தைப் பற்றி, அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, "வேறு கணக்கு இல்லை" என்ற பதிலே கிடைத்திருந்தது. அந்தப் பதிலை அவர் இறுதியானதாக எடுத்துக்கொண்டார்.

அது இறுதியான பதில் அல்ல. பிரஜாவுரிமை இன்றி நின்ற மலையகத் தமிழர் பலருக்கு அந்த உரிமை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் கிடைத்தது. அடையாள அட்டை அதற்கும் பிறகுதான் வந்தது. ஆகவே 1984இல் பதியப்பட்ட ஒரு கணக்கில் அட்டை இலக்கமே இல்லாதிருப்பது இயல்பு. அட்டை இலக்கத்தைக் கொண்டு தேடினால் அப்படிப்பட்ட கணக்கு அகப்படாது. தோட்டத்தின் தொழில்தருநர் இலக்கத்தையும் உறுப்பினர் இலக்கத்தையும் கொண்டே அதைத் தேட வேண்டும்.

அந்த அம்மாவிடம் இரண்டுமே இல்லை. ஆனால் அவருடன் ஒரே மலையில் கொழுந்தெடுத்த மச்சாள் இன்றும் முதல் தோட்டத்திலேயே இருக்கிறார். பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்திருந்த அவருடைய பழைய கணக்குக் கூற்று ஒன்றில் தோட்டத்தின் இலக்கம் தெளிவாக அச்சாகியிருந்தது. ஒரே தோட்டத்தில், அதே காலத்தில் வேலை செய்த எவருடைய கூற்றும் இவ்வாறு உதவும். முகாமை கைமாறியபோது தோட்ட இலக்கமும் மாறியிருக்கலாம் என்பதால், காலம் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பின்னர் உறுப்பினர் இலக்கத்துக்காகத் தோட்ட அலுவலகத்தில் வேலைநாளும் சம்பளமும் பதிந்த பழைய செக்ரோலையும், மாதந்தோறும் பணத்துடன் அனுப்பப்பட்ட சி படிவத்தின் பிரதியையும் பார்க்கச் சொன்னோம். கிளார்க் இரண்டு நாள் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருந்தது. பழைய பதிவில் வீட்டில் அழைக்கும் பெயரும் தந்தையின் பெயரும் இருந்தன. அடையாள அட்டையிலோ கோயிலில் வைத்த பெயரும் கணவரின் பெயரும். இரு பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் தோட்டத்தின் சேவைக் கடிதத்தையும் சேர்த்து, பெயர்த் திருத்தத்துக்கும் அட்டை இலக்கத்தைக் கணக்கில் பதிவதற்கும் முதலில் விண்ணப்பித்தோம். இந்த வரிசையை மாற்றிப் பணக் கோரிக்கையை முன்னால் கொடுத்தால், பெயர் பொருந்தவில்லை என்று அது திரும்பிவரும். நானும் தொடக்க காலத்தில் அப்படிக் கொடுத்துத் திரும்பப் பெற்றவன்தான். திருத்தம் முடிந்தபின், பணத்தைக் கோரும் கே படிவத்தை வங்கிப் புத்தகப் பிரதியுடன் தொழில் அலுவலகத்தில் ஒப்படைத்தோம்.

பெண்களின் கணக்குகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திருமணத்தின் பொருட்டு வேலையை விட்ட பெண் அப்போதே பணத்தைக் கோர முடியும் என்பதால், அந்தக் காலத்தில் வீட்டார் யாராவது முன்னின்று எடுத்துக் கொடுத்துவிட்டார்களா என்பதைக் கணக்குக் கூற்றில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த அம்மாவின் கணக்கில் அப்படி ஒரு கொடுப்பனவும் இருக்கவில்லை. ஆனால் 13 ஆண்டுச் சேவையில் சில மாதங்களுக்குப் பங்களிப்பே வந்திருக்கவில்லை. சம்பளத்தில் கழித்தும் நிதிக்கு அனுப்பாத பணம் கணக்கில் தோன்றாது. அதற்குத் தொழில் அலுவலகத்தில் தனியாக முறைப்பாடு செய்ய வேண்டும், அந்த மாதங்களின் சம்பளச் சிட்டை இருந்தால் வேலை சுலபம்.

பணத்தில் ஒரு பங்கைக் கேட்டு இதைச் செய்துதர ஆட்கள் வருவார்கள். தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு சத்தியக் கடதாசியும் சில பயணங்களும்தான். வங்கிப் புத்தகத்தை எவரிடமும் விட்டுவிட வேண்டாம்.

ஊழியர் நம்பிக்கை நிதி இதிலிருந்து வேறானது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொழில்தருநர் மட்டுமே செலுத்தும் 3 வீதம் அது. அதை நிர்வகிப்பது தனிச் சபை, அதற்கு விண்ணப்பமும் தனி. சேமலாப நிதிக்காகத் தேடியெடுத்த அதே சேவைக் கடிதத்தையும் சத்தியக் கடதாசியையும் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்ததால், அந்த அம்மாவின் இரண்டாவது விண்ணப்பத்தை நாங்கள் ஒரே காலையில் நிரப்பி முடித்தோம்.