முகப்புக் கடிதமும் நலமுரணும்

ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்து இதழாசிரியருக்கு எழுதும் ஒரு பக்கத்தை நம் பல்கலைக்கழகங்களில் ‘கவரிங் லெட்டர்’ என்றுதான் சொல்கிறோம். கவர் என்றால் நமக்குத் தபால் உறை. கவரிங் என்றால் சிதம்பரத்து முலாம் நகை. இங்கே இரண்டும் இல்லை. ‘மூடு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. ஓர் ஆவணத்தின் மேல் வைத்து, உள்ளே இருப்பது என்ன, ஏன் வருகிறது என்று சொல்லும் தாள் என்பதே பொருள். சிலர் இதை ‘உறைக்கடிதம்’ என்று எழுதுகிறார்கள். கட்டுரைகள் இணையத்தில் ஏறும் காலத்தில் உறை ஏது? ‘உடன்கடிதம்’ பொருளுக்கு நெருக்கமானதுதான், ஆனால் புழக்கத்தில் பரவவில்லை. ‘முகப்புக் கடிதம்’ அலுவலகங்களில் ஏற்கெனவே வழங்குகிறது, பொருளும் சரியாக நிற்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்துக்கு ஒரே வாசகர் ஆசிரியர்தான். பெரும்பாலான இதழ்களில் மதிப்பீட்டாளர்கள் கண்ணில் இது படாது. கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்புவதா, மேசையிலிருந்தே திருப்புவதா என்று அவர் முடிவெடுக்கும் நேரத்தில் படிக்கப்படும் தாள் இது. அதனால் மூன்று கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும்: ஏன் எங்கள் இதழ், இதில் என்ன புதிது, உங்களுக்கும் முடிவுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு கற்பனைக் கட்டுரையை வைத்துப் பார்ப்போம். தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் அலுமினாத் துகள்களால் ஒரு வடிகட்டி செய்து ஒரு குழு சோதித்திருக்கிறது என்று கொள்வோம்.

முதல் கேள்வி பொருத்தம். இதழ்கள் ‘ஸ்கோப்’ என்று போடுவதைத் தமிழில் ‘வரம்பு’ என்கிறோம். ‘ஸ்கோப்’ வேரில் இலக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘நோக்கெல்லை’ என்றால் இரண்டு பக்கமும் வந்துவிடும். “தங்கள் புகழ்பெற்ற இதழில் வெளியாவதைப் பெருமையாகக் கருதுகிறோம்” என்ற வரி பொருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இதழ் வேதியியல் வழிமுறைகளைக் கேட்கிறதா, கிராமக் குடிநீர்த் திட்டங்களைக் கேட்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற பக்கத்தைக் காட்ட ஒரே வாக்கியம் போதும்.

புதுமை கொஞ்சம் சிக்கலானது. நம் குழுவின் முதல் வரைவில் “முதன்முறையாக அலுமினா கொண்டு ஃபுளோரைடை நீக்கியுள்ளோம்” என்று இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. அந்த முறை பல பத்தாண்டுகளாக இருப்பது ஆசிரியருக்குத் தெரியும். அப்படியானால் இவர்கள் செய்தது என்ன? ஆய்வகச் சோதனைகள் பலவும் காய்ச்சி வடித்த நீரில் ஃபுளோரைடு உப்பைக் கரைத்துச் செய்தவை. லேசான அமில நிலையில்தான் அலுமினா நன்றாக வேலை செய்யும். கிணற்று நீரோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அதிலுள்ள பைகார்பனேட்டும் அலுமினாவில் இடம் பிடிக்கப் போட்டி போடும். நிஜக் கிணற்று நீரில், அமிலம் சேர்க்காமல், வடிகட்டி எப்போது சோர்ந்துபோகிறது என்று மாதக்கணக்கில் இவர்கள் அளந்திருந்தால் அதுதான் புதுமை. கடிதத்தில் இப்படி வரலாம்: “முந்தைய சோதனைகள் பெரும்பாலும் செயற்கைக் கரைசலில் நடந்தவை. நாங்கள் பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீரில் வடிகட்டியின் ஆயுளை அளந்தோம்.” ‘முதன்முறை’ என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? முந்தையவர்கள் எங்கே நின்றார்கள், நாம் எங்கிருந்து தொடங்கினோம் என்று சொன்னால் புதுமை தானாகத் தெரியும். இதைப் ‘புத்தாக்கம்’ என்று எழுதுவதும் பொருந்தாது. அது புதிய பொருளையோ முறையையோ நடைமுறைக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். ஆசிரியர் கேட்பது இதுவரை தெரியாத ஒன்றை.

இனி, எல்லாரும் தடுமாறும் இடம். ஆய்வின் முடிவைச் சாய்க்கக்கூடிய சொந்த ஆதாயமோ தொடர்போ கட்டுரையாளருக்கு இருப்பதை ஆங்கிலத்தில் ‘கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்கிறார்கள். அதைக் ‘கருத்து முரண்பாடு’ என்று தமிழாக்கியதைப் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும் மாணவர், கட்டுரையாளர்களுக்குள் சண்டை உண்டா என்று கேட்கிறார்கள்போல என நினைத்து “இல்லை” என்று எழுதிவிடுவார். ‘ஆர்வ முரண்’ என்பதும் சரியில்லை. ‘இன்ட்ரஸ்ட்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘இடையே இரு’ என்று பொருள். ஒருவருக்கு ஒரு விஷயத்தில் உள்ள பங்கும் பாத்தியதையும் அதிலிருந்து வந்தன. வட்டி என்ற பொருளும் அதே வழியில் பின்னால் வந்ததுதான். ‘நலமுரண்’ என்பதே இப்போதைக்குச் சரியான தமிழ்.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ‘முரண்’ என்றதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. அதனாலேயே பலர் மறைக்கிறார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் தன் படிவத்தின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘வெளிப்படுத்தல் படிவம்’ என்று மாற்றிக்கொண்டது. அந்தப் படிவம் கடந்த 36 மாதத் தொடர்புகளைக் கேட்கிறது. இந்த ஆய்வுக்கே கிடைத்த உதவி என்றால் திட்டமிட்ட நாளிலிருந்து சொல்ல வேண்டும். முரண் இருக்கிறதா என்று தீர்ப்பது நம் வேலை அல்ல. தொடர்பைச் சொல்வது மட்டுமே நம் வேலை.

நம் குழுவில் மூன்று தொடர்புகள் இருப்பதாகக் கொள்வோம். அலுமினாத் துகளை விற்பவர் இலவசமாகத் தந்தார். ஒருவர் வடிகட்டியின் வடிவமைப்புக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருக்கிறார். இன்னொருவர் அதே இதழின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார். மூன்றையும் சொல்ல வேண்டும். “துகள்களை இன்ன நிறுவனம் இலவசமாக வழங்கியது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவுகளைப் பகுப்பாய்வதிலோ அதற்குப் பங்கில்லை” என்று எழுதினால் ஆசிரியர் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கும் விடை வந்துவிடும். ஆசிரியர் குழுவில் இருப்பவர் பெயரைச் சொன்னால், அந்தக் கட்டுரையை அவர் கைக்குப் போகாமல் வேறொருவரிடம் கொடுப்பார்கள். பணம் மட்டும் கணக்கு என்று நினைப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு சான்று. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசிய அவரது கட்டுரை 12 குழந்தைகளை வைத்து 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞரிடமிருந்து அவர் பணம் பெற்றிருந்தது 2004-இல்தான் வெளியே வந்தது. 2010-இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்கு அது மட்டும் காரணம் இல்லைதான். ஆனால் அந்த ஒரு தொடர்பை அன்றே சொல்லியிருந்தால் ஆசிரியர்கள் அதை வேறு கண்ணோடு படித்திருப்பார்கள்.

நடைமுறையில் நடக்கும் தவறு இன்னொன்று உண்டு. நலமுரணைக் கடிதத்தில் மட்டும் எழுதி, கட்டுரையில் விட்டுவிடுவது. கடிதம் ஆசிரியரோடு நின்றுவிடும், வாசகருக்குப் போகாது. எனவே அதே வாசகம் கட்டுரையின் முடிவில் நன்றிக்கு அருகிலும் இருக்க வேண்டும். பெயர் மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால் பெயர்ப் பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காப்புரிமை விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடுவதும் சரியல்ல. காலி இடம் மறதியா, இல்லாமையா என்று ஆசிரியருக்குத் தெரியாது. “வெளிப்படுத்த வேண்டிய தொடர்பு எதுவும் கட்டுரையாளர்களுக்கு இல்லை” என்று ஒரு வரி, அதுவும் எல்லாக் கட்டுரையாளர்களிடமும் கேட்ட பிறகு.