மூச்சுத்திணறல் அல்ல, மூச்சு இடைநிற்றல்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் அப்னியா’ நோயை மருத்துவமனைக் கையேடுகளிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் ‘தூக்க மூச்சுத்திணறல்’ என்றே எழுதிவருகிறார்கள். இது தவறு. நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்வியையே இந்தச் சொல் கெடுத்துவிடுகிறது.

கிரேக்கத்தில் மூச்சைக் குறிக்கும் வேரோடு இன்மைப் பொருள் தரும் ‘அ’ சேர்ந்தால் அப்னியா. அதே வேரோடு சிரமத்தைக் குறிக்கும் ‘டிஸ்’ சேர்ந்தால் டிஸ்ப்னியா. நம் மூச்சுத்திணறல் இந்த இரண்டாவதுதான். திணறுகிறவருக்குத் தாம் திணறுவது தெரியும். அப்னியா உள்ளவருக்கோ பெரும்பாலும் எதுவும் தெரியாது, ஏனென்றால் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய, கழுத்துப் பருத்த ஒருவர் படபடப்பு என்று வருகிறார். ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறைகள் சீராகச் சுருங்காமல் துடிதுடிக்கும் நிலை. “ராத்திரி மூச்சுத்திணறல் உண்டா?” என்று கேட்டால், “அதெல்லாம் இல்லீங்க டாக்டர்” என்பார். அவர் சொல்வது உண்மைதான். பக்கத்தில் இருக்கும் மனைவியிடம், “தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதாம்மா?” என்று கேட்டால் கதை வேறு: “கொறட்டை வீடே அதிரும். திடீர்னு சத்தமே இருக்காது, எனக்கு பயமாயிடும். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி ஆரம்பிப்பாரு.” அந்தச் சத்தமில்லாத இடைவெளிதான் நோய். குறைந்தது 10 விநாடி காற்று நின்றால் அதை ஒரு நிகழ்வாகக் கணக்கிடுவார்கள். மணிக்கு 30 நிகழ்வு வந்துவிட்டால் கடுமையான நிலை.

அந்த இடைவெளியில் தொண்டை மூடிக்கிடக்க, மார்பு மட்டும் காற்றை இழுக்கப் போராடுகிறது. மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் சட்டென்று இறங்கி, மெல்லிய சுவர் கொண்ட மேலறைகளை இழுத்து விரிக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கும்போது ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறுகின்றன. இரவு முழுக்க, ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் மேலறைச் சுவரில் தழும்பு படர்ந்து துடிப்பின் தாளம் கெடுகிறது. விடாத உயர் அழுத்தத்தை எதிர்த்து உழைக்கும் கீழறையும் தடித்துத் தளர்கிறது.

தளர்ந்த இதயம் உள்ளவர்களிடம்தான் இந்தச் சொற்குழப்பம் இன்னும் ஆபத்தாகிறது. நுரையீரலில் நீர் கோத்து நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து திணறுவது அவர்களுக்கு உண்மையிலேயே வரும். அது அடங்கப் பல நிமிடங்கள் ஆகும். மூச்சு நின்று விழித்தவருக்கோ ஓரிரு மூச்சிலேயே சரியாகிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு நோயாளி பிரித்துச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

‘மூச்சடைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். திணறலைவிட மேல், ஆனால் பாதிதான் சரி. இதயத் தளர்ச்சியில் அப்னியாவின் இன்னொரு வகை உண்டு. அதில் தொண்டை திறந்தே இருக்கும். மூச்சை இழு என்ற கட்டளை மூளையிலிருந்து வராது. மூச்சு மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, நின்று, மீண்டும் ஏறும். டப்ளின் மருத்துவர்களான செய்ன் 1818இலும் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்தது இதைத்தான். இங்கே அடைப்பு எங்கே இருக்கிறது? இந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்து, பெரும்பாலும் இந்த வகையே உள்ளவர்களுக்கு, மூச்சுக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றித்தரும் ஏ.எஸ்.வி. கருவியைக் கொடுத்துப் பார்த்தது ‘சர்வ்-ஹெச்எஃப்’ ஆய்வு. 2015இல் முடிவு வந்தபோது, கருவி பெற்றவர்களிடம் இதயநோய் மரணம் கூடியிருந்தது.

‘மூச்சின்மை’ வேருக்கு நேரானது, ஆனால் தமிழ்க் காதுக்கு அது சாவு. ஆகவே நான் ‘உறக்க மூச்சு இடைநிற்றல்’ என்கிறேன். பள்ளிப் படிப்பை விட்டவரை நினைவூட்டுகிறதே என்பார்கள். முன்னால் மூச்சு இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது. இதற்குள் ‘அடைப்பு வகை’, ‘மூளைவழி வகை’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

சிகிச்சைக்கு வந்தால் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் படுத்துகிறார்கள். சிபேப் கருவிக்குத் ‘தொடர் நேர்மறைக் காற்றுவழி அழுத்தம்’ என்று சொல்லுக்குச் சொல் அடுக்கினால் யாருக்குப் புரியும்? முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையை மூடவிடாமல் வைக்கும் கருவி அது. சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. அடைப்பு வகையில் இதைப் போட்ட இரவிலேயே குறட்டை அடங்கும். பகல் தூக்கம் குறையும், ரத்த அழுத்தம் ஓரளவு இறங்கும். மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைச் சீராக்கிய பிறகு, இடைநிற்றலுக்குச் சிகிச்சை பெறாதவர்களிடம் ஃபிப்ரிலேஷன் அதிகம் திரும்புவதாக நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டின. ஆனால் 2016இல் வந்த ‘சேவ்’ ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களிடம் கருவி அடுத்த மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே முகமூடி அணிந்திருந்தார்கள்.