நீலக் கயிறு ஏன் தூளாகிறது?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் மொட்டைமாடிகளில் உடுப்புக் கொடியாகக் கட்டியிருப்பது பெரும்பாலும் நீலநிற பாலிபுரொப்பிலீன் கயிறுதான். விலை குறைவு, தண்ணீர் குடிக்காது, புறக்கோட்டையில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஆனால் சில மாத வெயிலுக்குப் பிறகு தடவிப் பாருங்கள், விரலில் தூள் ஒட்டும், வெள்ளைச் சட்டையில் சிராய் சிராயாகக் குத்தி நிற்கும்.

காரணம் அதன் மூலக்கூறில் இருக்கிறது. பாலிபுரொப்பிலீனின் நீண்ட காபன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு காபனில் சின்னக் கிளை ஒன்று தொங்கும், அந்தக் காபனோடு இருக்கும் ஐதரசன் இலகுவில் கழன்றுவிடும். வெயிலின் புறஊதாக் கதிர் இதைத் தொடக்கிவைத்தால் போதும், காற்றிலுள்ள ஒட்சிசன் அந்த இடத்தில் வந்து ஒட்டும், சங்கிலி முறியும், அப்புறம் அது பக்கத்துச் சங்கிலிக்கும் பரவும். கொழும்பு 7 பாகை வடக்கில் இருக்கிறது, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஆகவே இங்கே இந்த வேலை வேகமாக நடக்கும்.

சேதம் பெரும்பாலும் மேல்தோலில்தான். அதனால்தான் மெல்லிய கயிறு சீக்கிரம் சாகிறது, தடித்தது தாக்குப்பிடிக்கிறது. கயிற்றை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நிறம் பளிச்சென்றும் வெளியே வெளிறியும் இருந்து, வெளி இழை மடித்தவுடன் முறிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சரி, எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? 4 மீற்றர் கொடியின் நடுவில் 10 கிலோ ஈர உடுப்பு தொங்கி, கொடி 20 சென்ரிமீற்றர் தாழ்கிறது என்று வையுங்கள். கயிற்றில் விழும் இழுவை 10 கிலோ அல்ல, ஏறக்குறைய 50 கிலோ. இன்னும் இறுக்கிக் கட்டி 10 சென்ரிமீற்றர்தான் தாழவிட்டால் 100 கிலோ. தரமான புதுக் கயிறு 6 மில்லிமீற்றரில் சுமார் 500 கிலோவுக்கே அறும், ஆனால் முடிச்சு அதில் பாதியைத் தின்றுவிடும், மிச்சத்தை வெயில் தின்னும்.

நைலோன் இதைவிடப் பலமானது, வெயிலையும் சாதாரண பாலிபுரொப்பிலீனைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அது தண்ணீர் குடிக்கும், நனைந்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், நன்றாக நீளும் வேறு. கொடிக்கு அது தொல்லை, தறப்பாளை இழுத்துக் கட்டினால் காற்றின் உதறலை அந்த நீட்சியே வாங்கிக்கொள்ளும்.

சணல் வெளியில் வேண்டவே வேண்டாம். வெயிலைவிட அதற்கு மழைதான் எமன், ஈரத்தில் நுண்ணுயிர்கள் அதன் செலுலோசைத் தின்றுவிடும், மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழையில் கட்டிய சணல் சீக்கிரமே கையோடு வரும். தென்னந்தும்பிலும் செலுலோசு உண்டு, ஆனால் லிக்னின் மிக அதிகம், அதனால் அழுகலையும் உப்புநீரையும் நீண்டநாள் எதிர்த்து நிற்கும். பலம்தான் குறைவு, அதே தடிப்பில் பாலிபுரொப்பிலீனின் கால்வாசிகூட வராது. பந்தல் கொடி படரவும் வேலி கட்டவும் அது தாராளம், உடுப்புக் கொடிக்கு என்றால் கரி கலந்த கறுப்பு பாலிபுரொப்பிலீன் கேட்டு வாங்குங்கள், கரி புறஊதாவைத் தானே விழுங்கிவிடும்.