தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி

1961 ஏப்ரல் 29. அண்டார்டிகாவில் நோவோலாசரெவ்ஸ்காயா என்ற சோவியத் முகாம். அங்கிருந்த ஒரே மருத்துவர் லியோனிட் ரோகோசோவுக்கு வயது 27. காலையிலிருந்தே சோர்வு, குமட்டல், வயிற்றின் மேல்பகுதியில் வலி. அப்புறம் அந்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. தனக்கு வந்திருப்பது அப்பெண்டிக்ஸ், அதாவது குடல்வால் அழற்சி என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

வலி ஏன் இடம் மாறுகிறது? குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் விரல்போலத் தொங்கும், ஒரு முனை மூடிய குழாய். இறுகிய மலத்துணுக்கு போன்ற ஏதாவது அதன் வாயை அடைத்தாலும் உள்சுவர் சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். குழாய் உப்பும். குடலின் நரம்புகளுக்கு அந்த இழுவிசை தெரியும், இடத்தைத்தான் சரியாகச் சொல்லத் தெரியாது. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகள் தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் நுழைகின்றனவோ, குடல்வாலின் நரம்புகளும் அங்கேதான் நுழைகின்றன. அதனால் மூளை, வலி வயிற்றின் நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வலி மந்தமாக இருக்கும், விரல்வைத்துக் காட்ட முடியாது, சாப்பாடு பிடிக்காது. நம் வீடுகளில் இதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

சில மணி நேரத்தில் அழற்சி குடல்வாலின் வெளிச்சுவர்வரை வந்து, வயிற்றறையின் உட்புறம் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொடுகிறது. அந்தச் சவ்வின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போல இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். வலி கூர்மையாகி வலது அடிவயிற்றில் நிலைகொள்ளும். இருமினாலும், வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் சுரீரென்று குத்தும். எல்லோருக்கும் இதே வரிசையில் வராது. குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்திருந்தால் வலி விலாப்பக்கம் தெரியலாம்.

இதற்கிடையே உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைகள். ரத்தம் உள்ளே வரும், திரும்பிப் போகாது. வீக்கம் இன்னும் கூடினால் தமனி ஓட்டமும் நிற்கும். குடல்வாலுக்கு ரத்தம் வர வேறு நல்ல வழி இல்லை. சுவர் கறுத்து, அழுகி, ஓட்டை விழும். வலி தொடங்கி 36 மணி நேரம் தாண்டினால் இந்த ஆபத்து கூடுகிறது.

ரோகோசோவ் முதலில் ஆன்டிபயாடிக் எடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. பனிப்புயலில் விமானமும் வர முடியாது. ஏப்ரல் 30 இரவு, சக ஊழியர்கள் கண்ணாடி பிடிக்க, மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தானே திறந்தார். வெளியே எடுத்த குடல்வாலின் அடியில் ஒரு கரும்புள்ளி. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் வெடித்திருக்கும் என்று குறித்து வைத்தார்.

வெடிக்கும்போது உள்ளழுத்தம் சட்டென்று இறங்குவதால் சிலருக்கு வலி குறைந்ததுபோல இருக்கும். அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. சில மணி நேரத்தில் சீழும் கிருமிகளும் வயிற்றறையில் பரவி, வயிறு முழுக்கப் பலகைபோல விறைத்து, காய்ச்சல் ஏறும்.