டயல்: பூஜ்யம் மெதுவாகத் திரும்பிய எண்வட்டு

டயல் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், நாள் என்று பொருள்படும் ‘டியெஸ்’ என்ற இலத்தீன் சொல். பகற்பொழுதை நிழலால் அளந்து காட்டிய சூரியக் கடிகாரத்தின் தட்டுக்கே அது முதலில் பெயராக இருந்தது. பின்னர் கடிகார முகப்புக்கும், அதன் பிறகு அளவுகள் குறிக்கப்பட்ட எந்த வட்டத் தட்டுக்கும் அப்பெயர் பரவியது. தொலைபேசியின் முகத்தில் எண்கள் பொறித்த வட்டு வந்தபோது அதுவும் டயல் ஆனது. அந்த வட்டைச் சுழற்றும் செயலும் அதே பெயரைப் பெற்றது. ஆனால் முந்தைய டயல்கள் அனைத்தும் அளவைக் காட்டுபவை. தொலைபேசி டயல் எதையும் காட்டுவதில்லை. நாம் தேர்ந்த எண்ணை அது கம்பி வழியே சொல்கிறது. தமிழில் இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமானால், அது எப்படிச் சொல்கிறது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். மற்ற எண்களைவிடப் பூஜ்யத்தைச் சுழற்றியபோது வட்டு திரும்ப ஏன் அதிக நேரம் ஆனது என்ற புதிருக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

ரிசீவரைக் கையில் எடுத்தவுடன் தொலைபேசிக்கும் இணைப்பகத்துக்கும் இடையிலான மின்சுற்று மூடி, அதில் மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. இப்போது 3 என்ற துளையில் விரலை வைத்து, வட்டின் வலது கீழ்ப்பக்கத்தில் உள்ள உலோகத் தடுப்பு வரை இழுக்கிறோம். இழுக்கும்போது இணைப்பகத்துக்கு எதுவும் போவதில்லை. உள்ளே இருக்கும் சுருள்வில் முறுக்கேறுகிறது, அவ்வளவுதான். விரலை எடுத்தவுடன் வில் தளர்ந்து வட்டைப் பின்னோக்கிச் சுழற்றுகிறது. அந்தத் திரும்பும் பயணத்தில்தான், வட்டோடு இணைந்த சிறு பல்லமைப்பு ஒரு தொடுமுனையை மூன்று முறை விலக்கி, மின்னோட்டத்தை மூன்று முறை நொடிப்பொழுது நிறுத்துகிறது. காதருகே பிடித்திருந்தால் இயந்திரத்தின் ‘டிக், டிக், டிக்’ கேட்கும். கம்பியில் எழும் பெரிய சொடுக்கொலி மட்டும் கேட்காது. வட்டு தன் இருப்பிடத்தை விட்டு நகர்ந்தவுடன் வேறொரு தொடுமுனை ரிசீவரை ஊமையாக்கிவிடுகிறது.

இந்த நிறுத்தங்களைத்தான் ஆங்கிலத்தில் ‘பல்ஸ்’ என்றார்கள். தமிழில் துடிப்பு என்று எழுதுகிறோம். துடிப்பு என்றதும் தொலைபேசியிலிருந்து ஏதோ ஒன்று உந்தி அனுப்பப்படுவதாகத் தோன்றும். உண்மையில் எதுவும் அனுப்பப்படவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது அறுபட்டு மீண்டும் சேர்கிறது. ஆகவே துண்டிப்பு என்ற சொல்லே நடந்ததை நேராகச் சொல்கிறது என்பது என் கருத்து. பூஜ்யத்தின் புதிரும் இந்தச் சொல்லாலேயே அவிழ்கிறது. ஒன்றுக்கு ஒரு துண்டிப்பு, இரண்டுக்கு இரண்டு என்ற கணக்கில் பூஜ்யத்துக்குத் துண்டிப்பே இருக்கக் கூடாது. ஆனால் துண்டிப்பு இல்லாத கம்பி, யாரும் வட்டைத் தொடாத கம்பியைப் போலவே இருக்கும். பூஜ்யத்தைச் சுழற்றியவரையும் யோசித்துக்கொண்டு சும்மா இருப்பவரையும் இணைப்பகத்தால் பிரித்தறிய முடியாது. எனவே ஒன்பதுக்கு அடுத்த எண்ணிக்கையான பத்து, பூஜ்யத்துக்கு அளிக்கப்பட்டது.

இணைப்பகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்த ஏற்பாடு இயல்பானதே. அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பு முறையிலிருந்து வளர்ந்த தேர்வியில், அதாவது அழைக்கப்படும் கம்பியைத் தேர்ந்து இணைக்கும் கருவியில், ஒரு தண்டு பத்துப் படி மேலேறவும் பத்துப் படி பக்கவாட்டில் சுழலவும் முடியும். முடிவில் உள்ள தேர்வி ஒவ்வொன்றும் இப்படி நூறு இணைப்புகளை எட்டும். ஒருவரது எண் 30 என்று முடிவதாகக் கொள்வோம். 3-இன் மூன்று துண்டிப்புகளுக்கும் தண்டு மூன்று படி மேலேறி நிற்கும். 0-இன் பத்துத் துண்டிப்புகளுக்கும் அந்த வரிசையிலேயே பத்துப் படி சுழன்று கடைசி முனையைத் தொடும். எண் 03 என்று முடிந்தால் தண்டு உச்சி வரை ஏறி, மூன்றாவது முனையில் நிற்கும். பத்து இலக்கங்களுக்குப் பத்துப் படிகள் என்ற பொறியில், பூஜ்யம் பத்தாம் படியில் அமர்கிறது.

நேரக் கணக்கு இனி எளிது. வட்டு திரும்பும் வேகத்தை, உள்ளே சுழலும் வேகக் கட்டுப்படுத்தி நொடிக்குப் பத்துத் துண்டிப்பு என்ற அளவில் வைத்திருக்கிறது. ஆகவே ஒன்றுக்குப் பத்தில் ஒரு நொடியும் பூஜ்யத்துக்கு ஒரு முழு நொடியும் ஆகின்றன. இதோடு எல்லா எண்ணுக்கும் பொதுவான சிறிது வெற்றுச் சுழற்சியும் உண்டு. ஓர் இலக்கம் முடிந்து அடுத்தது தொடங்குவதை இணைப்பகம் உணர அந்த இடைவெளி உதவுகிறது. பூஜ்யத்தின் துளை தடுப்புக்கு மிகத் தொலைவில் இருப்பதால், விரல் இழுத்துச் செல்லும் நேரமும் அதற்கே அதிகம். இந்தச் செலவைப் பொறியாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1947இல் வகுக்கப்பட்ட அமெரிக்கப் பகுதி எண்களில் நியூயார்க் நகரம் பெற்ற 212-க்கு மொத்தம் ஐந்தே துண்டிப்புகள். பின்னர் அலாஸ்கா பெற்ற 907-க்கு இருபத்தாறு.

எல்லா நாட்டிலும் பூஜ்யமே கடைசி என்று எண்ணிவிடக் கூடாது. சுவீடனில் பூஜ்யத்துக்கு ஒரு துண்டிப்பு, ஒன்றுக்கு இரண்டு என்று தொடங்கியதால், அங்கே மெதுவாகத் திரும்பியது ஒன்பது. நியூசிலாந்தில் எண்களைத் தலைகீழாகப் பொறித்து, ஒன்றுக்கு ஒன்பது துண்டிப்பும் ஒன்பதுக்கு ஒன்றும் வைத்தார்கள். பூஜ்யத்துக்கு மட்டும் அங்கும் பத்துதான். பிரிட்டனின் அவசர எண் 999 எழுப்பிய அதே துண்டிப்புகளை நியூசிலாந்தின் 111 எழுப்பியது இதனால்தான்.

துண்டிப்பின் எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது, அதன் நீளமும் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிப்பிலும் சுற்று ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு நேரம் திறந்தும் மீதி நேரம் மூடியும் இருக்கும். இணைப்பகத்தில் ரிலே என்ற மின்காந்த விசை ஒன்று, மெதுவாகவே விடுபடுவதால், இந்தச் சிறு திறப்புகளை அழைப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் தாங்கி நிற்கிறது. வேகக் கட்டுப்படுத்தியில் அழுக்கு சேர்ந்து வட்டு சோம்பினால், திறப்பு நீண்டு, ரிசீவரை வைத்துவிட்டதாகவே இணைப்பகம் கொள்ளக்கூடும். வட்டு மிக வேகமாகத் திரும்பினாலோ தண்டால் ஈடுகொடுக்க முடியாமல் ஒரு படி தவறி, வேறொருவர் வீட்டில் மணி அடிக்கும். திரும்பும் வட்டை விரலால் தள்ளுவோருக்குத் தவறான எண் கிடைத்ததும் இதனால்தான். கோளாற்றைக் கண்டறியப் பூஜ்யமே வசதியான எண்: அது திரும்ப ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும், இரண்டு நொடி இழுத்தாலோ நடுவில் திக்கினாலோ வட்டுக்குப் பராமரிப்பு தேவை.

இத்தனையும் பார்த்த பின், பெயர்ச்சொல்லாக எண்வட்டு என்பதும் வினையாகச் சுழற்று என்பதும் பொருந்துகின்றன. ‘எண்ணைச் சுழற்றினேன்’ என்பது படித்தவுடன் விளங்கும் தமிழ். சுழல்வட்டு என்றும் எழுதலாம். ஆனால் சுழலும் வட்டுகள் பல இருப்பதால் எண்வட்டு தெளிவானது. பல்ஸ் முறையைத் துண்டிப்பு முறை என்றே நான் எழுதுவேன். பொத்தான் தொலைபேசிகள் சிலவற்றின் அடியில் பல்ஸைக் குறிக்கும் P, ஒலியைக் குறிக்கும் T என்று இரு நிலைகள் கொண்ட ஒரு சிறு நகர்த்தி இருக்கும். அதை T-யில் வைத்தால் எந்த இலக்கத்துக்கும் ஒரே நீளமான ஒலி போகும். P-யில் வைத்துப் பூஜ்யத்தை அழுத்தினால், அங்கே வட்டும் இல்லை, வில்லும் இல்லை. ஆனாலும் கருவி பத்து முறை துண்டித்து முடிக்க அதே ஒரு நொடியை எடுத்துக்கொள்ளும்.